காற்று வாங்கும் உரிமை

எங்கள் ஊர் ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் இடையே இருப்பது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் என் தந்தையார் சட்டையை மாற்றிக்கொண்டு, "ஏரிக்கரைக்குப் போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்தச் சொற்றொடரை நான் பிறந்தது முதல் கேட்டு வருகிறேன். அதில் ஆராய ஏதேனும் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் வட ஐரோப்பிய நாடுகளைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. ஒன்று நார்வேயில் பிறந்து சுவீடனிலும் வழங்கும் ‘ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ்’. மற்றொன்று சுவீடிஷ் மொழியின் ‘அல்லெமான்ஸ்ரெட்டன்’. வாய்க்குள் நுழையாத சொற்கள்தான். ஆயினும் பிரித்துப் பார்த்தால் எளியவை. ‘ஃப்ரீ’ என்றால் தடையற்ற, திறந்த. ‘லுஃப்ட்’ என்றால் காற்று. ‘லீவ்’ என்றால் வாழ்வு. ஆகத் திறந்த காற்றில் வாழும் வாழ்வு. இரண்டாவது சொல்லில் ‘அல்லெமான்ஸ்’ என்பது ‘எல்லா மனிதருடைய’ என்றும், ‘ரெட்டன்’ என்பது ‘உரிமை’ என்றும் பொருள்படும்.

முதற் சொல்லைப் படித்ததும் அப்பாவின் நினைவுதான் வந்தது. அவர் ஏரிக்கரையில் வாங்கும் காற்றும் அதுதானே? அப்படியானால் இரண்டாவது சொல்லும் அவருக்கு உண்டா? அக்கரையில் நிற்க அவருக்கு உரிமை தந்தது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

சொல்லுக்குள் இருக்கும் வீடு

‘ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ்’ என்ற சொல்லை ஏட்டில் ஏற்றிப் புகழ் பெறச் செய்தவர் நார்வே நாடகாசிரியர் ஹென்றிக் இப்சன். 1859-இல் அவர் எழுதிய நெடும்பாடல் ஒன்றில் அது வருகிறது. அப்பாடலின் நாயகன் தாயையும் காதலியையும் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு மலைமேல் ஏறிப் போகிறான். இறங்கி வர மனமின்றி அங்கேயே தங்கிவிடுகிறான். கீழே வாழ்வு அவனின்றியே நடந்து முடிகிறது.

அச்சொல் எவற்றையெல்லாம் ஏற்கெனவே உள்ளவையாக வைத்துக்கொண்டு பேசுகிறது என்பதை இக்கதையே காட்டிவிடுகிறது. முதலாவதாக, ஒரு வீடு இருக்க வேண்டும். வீடு இருப்பவனுக்குத்தான் ‘வெளி’ என்பது விரும்பிப் போகும் இடம். இரண்டாவதாக, வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருக்க வேண்டும். மூன்றாவதாக, அந்த வெளியில் நாம் செய்வது பிழைப்பாக இருக்கக்கூடாது. விறகு பொறுக்கப் போகிறவரின் நடையை நார்வேக்காரர் இச்சொல்லால் குறிப்பதில்லை.

தமிழில் இதற்கு நேர்மாறான சொல் ஒன்று உண்டு. ‘வெளிக்குப் போதல்’ என்பது நம் சிற்றூர்களில் எதைக் குறிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் கழிப்பிடம் இல்லாதவர்களின் சொல் அது. ‘வெளி’ என்ற ஒரே சொல் ஒருவருக்கு ஓய்வாகவும் இன்னொருவருக்கு இருட்டும் கூச்சமும் நிறைந்த கட்டாயமாகவும் இருக்கிறது.

எங்கள் ஆயாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் இளம்வயதில் இதே ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர். "காத்து வாங்கவா? எனக்கு அங்க காத்தும் வெயிலும் சும்மாவே கெடைச்சுது. ஆடு வயலுல பூந்துடாம பாக்கறதே பெரும்பாடு" என்றார். இது ஆயாவின் குறும்பு மட்டுமன்று. நார்வே, சுவீடன் நாடுகளின் வடக்கே கலைமான் மேய்த்து வாழும் சாமி என்னும் பழங்குடி மக்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். நகரத்தார் ‘ஆளில்லாத வெளி’ என்று கண்டு மகிழும் நிலம் அவர்களுக்கு மேய்ச்சலும் மீனும் விறகும் தரும் பிழைப்பிடம். அவர்கள் மொழியில் அதற்கு ‘மேஹ்ட்ஸி’ என்று தனிச்சொல் உண்டு. அது ஓய்விடத்தின் பெயரன்று.

உள்நிலமும் வெளிநிலமும்

இனி உரிமைக்கு வருவோம். நார்வே இவ்வுரிமையை 1957-இல் சட்டமாகவே எழுதிவிட்டது. அச்சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டு முற்றம், தோட்டம், உழுத வயல், புல் அறுக்கும் நிலம் முதலியவை ‘இன்மார்க்’, அதாவது உள்நிலம். காடு, மலை, சதுப்பு, கடற்கரை போன்ற பயிரிடாத நிலமெல்லாம் ‘ஊட்மார்க்’, அதாவது வெளிநிலம். வெளிநிலம் தனியார் சொத்தாகவே இருந்தாலும் எவரும் ஆண்டு முழுவதும் அதில் நடக்கலாம். உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதைத் தெளிவாக்கலாம். ஒரு மாணவன் ஆஸ்லோ நகரிலிருந்து மூன்று நாள் நடைக்குக் கிளம்புகிறான் என்று கொள்வோம். காட்டுக்குப் போகும் வழியில் ஓர் உருளைக்கிழங்கு வயல் குறுக்கிடுகிறது. ஜூலை மாதமானால் அவன் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஜனவரியில் வயல் உறைந்தோ பனி மூடியோ இருந்தால் அதன் குறுக்கே நடக்கலாம். பனியின் கீழ் பயிருக்குச் சேதம் வராது என்பதே காரணம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை இச்சலுகை கிடையாது. வீட்டு முற்றத்தில் மட்டும் எந்தக் காலத்திலும் நுழையக்கூடாது.

காட்டை அடைந்ததும் கூடாரம் போடலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்குவதாயின் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஊரைவிட்டு வெகுதொலைவிலுள்ள மலைகளில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. காட்டுப் பழங்களையும் காளானையும் பறித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டின் அருகிலோ தீ மூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு.

சுவீடன் நாட்டின் வழி வேறு. அங்கே இவ்வுரிமையை வரிவரியாகச் சொல்லும் தனிச்சட்டமே கிடையாது. 1994-இல் அரசியலமைப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: இவ்வுரிமைக்கேற்ப இயற்கையை அணுக எல்லோருக்கும் வழி உண்டு என்பது அதன் கருத்து. உரிமையின் அளவு என்ன என்பதை அவ்வரி சொல்வதில்லை. அதை அறிய வேடிக்கையாகக் குற்றவியல் சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் எவற்றை எடுப்பது குற்றம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வளரும் மரம், கிளை, பட்டை, இலை, கொட்டை, பிசின் எல்லாம் அதில் இருக்கின்றன. பழமும் பூவும் காளானும் இல்லை. ஆகவே அவற்றைப் பறிக்கலாம்! தடுக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது என்பதே அங்கு நெறி.

நம்மூர் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. காப்புக்காடுகளுக்கு 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் பொருந்தும். அங்கே அனுமதிக்கப்படாதது தடுக்கப்பட்டது. அத்துமீறி நுழைவதே குற்றம்.

150 மீட்டர்

நார்வேயின் கணக்கை எங்கள் ஊரில் போட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் நின்று, அருகிலுள்ள வீடு வரை அடி எண்ணி நடந்தேன். பிறகு வேறோர் இடம். பிறகு மற்றோர் இடம். நான் அளந்த எந்த இடத்திலிருந்தும் ஒரு வீடு 150 மீட்டருக்குள் இருந்தது. நார்வேச் சட்டப்படி எங்கள் கரையில் ஒரு குடை அளவு கூடாரம் போடவும் இடமில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நார்வேயில் ஒரு சதுரக் கிலோமீட்டருக்குச் சுமார் 15 பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 555 பேர். நார்வேயின் நிலத்தில் உழுநிலம் சுமார் 3 விழுக்காடே. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி வெளிநிலம். அவர்களுடைய உரிமை இந்த அகன்ற நிலத்தை நம்பிப் பிறந்தது.

ஆனால் நிலம் அகன்றிருப்பது மட்டுமே போதாது என்பதை அவர்களே பட்டு உணர்ந்தார்கள். சுவீடிஷ் மொழியில் ‘ஹெம்ஃப்ரிட்’ என்றொரு சொல் உண்டு. வீட்டின் அமைதி என்று பொருள். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அதற்குள் பிறர் நுழையலாகாது. இப்போது ஏரிக்கரையில் ஒருவர் ஒரு வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் அளவு கரை பொதுவழியிலிருந்து கழிந்துபோகிறது. பத்து வீடு வந்தால் பத்து வட்டம். எவரும் உரிமையை ரத்துச் செய்யவில்லை. அரசியலமைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆயினும் கரை போய்விட்டது. இதைத் தடுக்கவே 1975 முதல் கடற்கரையிலும் ஏரி, ஆற்றுக் கரைகளிலும் பொதுவாக 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பக்கூடாது என்று நாடு முழுவதற்கும் விதி வைத்தார்கள். விலக்குகள் உண்டு, அவற்றைப் பற்றி வழக்குகளும் உண்டு. ஆனால் காரணம் தெளிவு: நடக்கும் உரிமையைக் காக்க வேண்டுமானால் நடக்கும் தரையைக் காக்க வேண்டும்.

நமது ஊட்மார்க்

நமக்கு இத்தகைய நிலமே இல்லையா? உண்டு. அதன் பெயர் புறம்போக்கு. தீர்வை விதிக்கும் கணக்குக்குப் புறத்தே போன நிலம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களம், மயானம், வண்டிப்பாதை என்று கிராமக் கணக்கில் அது பலவகைப்படும். எங்கள் ஆயா ஆடு மேய்த்தது இத்தகைய நிலத்தில்தான். சென்னையில் ‘மந்தைவெளி’ என்னும் பெயர் இன்னும் இருக்கிறது. மந்தையும் இல்லை, வெளியும் இல்லை.

1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலை, சந்து, ஆறு, ஏரி ஆகியவற்றை அரசின் சொத்து என்று அறிவித்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு சொற்றொடர் உண்டு. வழிநடை உரிமைகளுக்கும் பிற பொது உரிமைகளுக்கும், சட்டப்படி நிலவும் வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டே இச்சொத்து அரசுக்குரியது என்பது அதன் கருத்து. சுவீடனைப் போலவே இங்கும் உரிமையின் பட்டியல் இல்லை. வேறுபாடு என்னவென்றால், அங்கே அந்த எழுதாத உரிமைக்கு ஊரறிந்த ஒரு பெயர் இருக்கிறது. பள்ளிப்பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள். இங்கே பெயர் இல்லை. இருந்த ஒரே பெயரான ‘புறம்போக்கு’ வசைச்சொல்லாகிவிட்டது. எவருக்கும் பயனில்லாதவனை அப்படித் திட்டுகிறோம். எல்லோருக்கும் உரியதை எவருக்கும் உரியதல்ல என்று நாம் நினைப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘எல்லோரும்’ யார்?

இவற்றையெல்லாம் ஒருநாள் இரவு என் அக்காவிடம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுவிட்டு, "எல்லா மனுசனோட உரிமைன்னு சொல்றியேடா, ஏழு மணிக்கு மேல நான் தனியா அந்தக் கரையில உக்காந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றாள். எனக்கு விடை வரவில்லை. நார்வேயும் சுவீடனும் தம் சொல்லில் ‘எல்லோரும்’ என்பதை முடிந்துபோன செய்தியாக வைத்திருக்கின்றன. தரையில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதே அவர்களின் வழக்கு. நம் நாட்டில் வழக்கு அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. நடப்பவர் யார் என்பதே இங்கு முதற்கேள்வி.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று நம் மாவட்டத்துக்காரரிடமே இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பிறரைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அடுத்தவர் காட்டில் நடப்பதைப் பற்றியல்ல, பொதுத்தெருவில் நடப்பதைப் பற்றி ஒரு சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது. அதே 1924-இல்தான் கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது.

அத்தீர்மானத்தின் குரல் 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பில் ஒலிக்கிறது. அதன் 15-ஆவது பிரிவு, அரசுப் பணத்தால் பேணப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், நீராடும் துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்கிறது. ‘பால்’ என்ற சொல்லை அக்காவிடம் சுட்டிக் காட்டினேன். "எழுதியிருக்கு. கரையில வெளக்கு போட்டிருக்கா?" என்றாள்.

என் கருத்தில் இதுவே நமது அல்லெமான்ஸ்ரெட்டன். சுவீடனின் வரிக்கு 44 ஆண்டுகள் முன்னரே நாம் எழுதிக்கொண்டது. ஆனால் இரண்டு வரிகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. அவர்கள் வரி ‘எல்லோரும்’ என்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. நம் வரி ‘எல்லோரும்’ என்பதற்காகப் போராடி, குளமும் துறையும் எப்போதும் இருக்கும் என்று நம்பிவிட்டது. அதை எழுதியவர்கள், குளத்தில் இன்னார் இறங்கலாகாது என்ற கொடுமையைக் கண்டவர்கள். இறங்கக் குளமே இருக்காது என்னும் நாள் அவர்கள் கணக்கில் வந்திராது.

அந்த நாளைத்தான் தாம்பரத்துச் சுற்றூர்களில் நாம் பார்க்கிறோம். எங்கள் பகுதி ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நோக்கிச் செல்ல வேண்டியது. இடையே வாய்க்கால் சுருங்கிய இடங்களில் மழைக்காலத்தில் நீர் வீட்டுக்குள் வருகிறது. ஏரிகளைக் காக்க 2007-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கும்படி 2011-இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆனால் இவை பெரும்பாலும் நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுகின்றன. கரையில் நிற்கும் மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை. ஓர் ஏரியைக் காக்கச் சுற்றிலும் வேலி போட்டுப் பூட்டிவிட்டால் நீர் தப்பும். அப்பாவின் காற்று தப்பாது. பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்டுவிட்டோம். நிலமும் வேண்டும், எல்லோரும் வேண்டும் என்று ஒரே வரியில் எழுத வேண்டிய பணி நமக்கு எஞ்சியிருக்கிறது.

சென்ற வாரம் அப்பாவிடம், "கரையில் நிற்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?" என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "காத்து வாங்கறதுக்கு எவனாவது சீட்டு கேப்பானா?" என்றார். அது உரிமை என்றே அவருக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அக்காவும் எங்களோடு கரைக்கு வந்தாள். ஆயா மட்டும் வரவில்லை. "நான் வாங்கினதே போதும்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறரை மணிக்கு இருட்டத் தொடங்கியதும், அக்கா முதலில் எழுந்தாள்.